நைதரசனின் நெட்டைக் கோடுகளும் குட்டைக் கோடுகளும்

வெள்ளவத்தையிலிருந்து ஓர் உயர்தர வகுப்பு மாணவி எழுதியிருக்கிறார். நூலகத்தில் எடுத்த ஒரு பௌதிகப் புத்தகத்தில் நைதரசன் வாயுவின் இராமன் நிறமாலை படமாக இருந்ததாம். அதில் கோடுகள் ஒன்று நெட்டையாகவும் அடுத்தது குட்டையாகவும் கடைசிவரை மாறி மாறி நின்றிருக்கின்றன. “சேர், இது அச்சுப் பிழையா? கருவியின் கோளாறா?” என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. அந்தக் குட்டைக் கோடுகள்தான் அணுக்கருவுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவிய கணக்கைக் கவிழ்த்தவை.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். மூலக்கூறு சுழலும்போது அதன் சக்தி தொடர்ச்சியாக ஏறுவதில்லை. படி படியாகவே ஏறும். படிகளை J = 0, 1, 2, 3 என்று எண்ணுகிறோம். J-ஆம் படியின் சக்தி B × J(J+1). B என்பது மூலக்கூறின் திணிவையும் பிணைப்பு நீளத்தையும் பொறுத்த மாறிலி. நைதரசனுக்கு அது ஏறத்தாழ 1.99 cm⁻¹. இரண்டு அணுக்களும் ஒன்றேயானதால் நைதரசனுக்கு இருமுனைவுத் திருப்புதிறன் கிடையாது. ஆகவே நுண்ணலையை உறிஞ்சி அது படி ஏறாது. அதன் சுழற்சியைப் பார்க்க வேண்டுமானால் வலிமையான ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியில் சக்தி சற்றே கூடியும் குறைந்தும் வரும் பகுதியைப் பிரித்தெடுக்க வேண்டும். இராமனும் கிருஷ்ணனும் 1928 பெப்ரவரியில் கல்கத்தாவில் கண்டது இந்தச் சிதறலைத்தான். இவ்வகைச் சிதறலில் மூலக்கூறு ஒரே தாவலில் இரண்டு படிகள் ஏறும் அல்லது இறங்கும். J = 0 இலிருந்து 2, 1 இலிருந்து 3, 2 இலிருந்து 4 என்று ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு கோடு கிடைக்கும். ஆகவே ஒரு கோட்டின் உயரம் அது புறப்பட்ட படியில் எத்தனை மூலக்கூறுகள் இருந்தன என்பதைச் சொல்கிறது.

இனி அந்தக் குட்டைக் கோடுகளுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரே நாளில் அச்சடித்த இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை உற்றுப் பார்த்தால் எங்காவது ஒரு கீறல் வேறுபடும். நைதரசன்-14 கருக்கள் இரண்டுக்கிடையே அப்படிக் கீறல்கூட இல்லை. ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால் அளக்கக்கூடிய எதுவும் மாறாது. மாறாதென்றால், மூலக்கூறை விவரிக்கும் அலைச்சார்பு இந்த இடமாற்றத்தின்போது இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம்: அப்படியே இருக்கலாம், அல்லது குறி மட்டும் மாறலாம். போசன் இனத் துணிக்கைகளுக்கு அப்படியே இருக்க வேண்டும். பெர்மியன்களுக்குக் குறி மாற வேண்டும். இலத்திரன்களுக்கான பவுலியின் தவிர்க்கை விதி இந்த இரண்டாவது வகையின் ஒரு முகம்.

இரண்டு கருக்களை இடம் மாற்றுவதும் மூலக்கூறை அரைச்சுற்றுத் திருப்புவதும் சுழற்சியைப் பொறுத்தவரை ஒன்றேதான். J = 0 நிலையின் அலைச்சார்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி; அரைச்சுற்றுத் திருப்பினாலும் அது மாறாது. J = 1 நிலைக்கு ஒரு பாதி நேர், மறுபாதி மறை; திருப்பினால் குறி மாறிவிடும். J = 2 மறுபடி மாறாது. இப்படியே இரட்டைப் படிகள் எல்லாம் சமச்சீர், ஒற்றைப் படிகள் எல்லாம் எதிர்ச்சமச்சீர். நைதரசனின் இலத்திரன் மேகம் இந்த இடமாற்றத்தில் குறி எதையும் சேர்ப்பதில்லை, அதிர்வும் அப்படியே. மீதி இருப்பது கருக்களின் கறங்கல் ஒன்றுதான்; தன்னைத்தானே சுற்றுவதை நினைவூட்டும், துணிக்கைக்கே உரிய குவாண்டம் இயல்பு அது.

நைதரசன்-14 கருவின் கறங்கல் 1. காந்தப் புலத்தில் அது மூன்று விதமாக நிற்கலாம்: +1, 0, −1. இரண்டு கருக்களுக்கு மூன்று தடவை மூன்று, ஒன்பது நிலைகள். தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணில் இருக்கும் நிலைகள் மூன்று. அவற்றை இடம் மாற்றினாலும் அதே நிலைதான். மீதி ஆறில் இரண்டு கருக்களும் வெவ்வேறு எண்களில் இருக்கின்றன. உதாரணமாக, முதல் கரு +1, இரண்டாவது 0 என்றொரு நிலை. முதல் கரு 0, இரண்டாவது +1 என்று இன்னொன்று. எது முதல் கரு என்று இயற்கைக்குத் தெரியாது. ஆகவே இவற்றைத் தனித்தனியே எடுக்க முடியாது. இரண்டையும் கூட்டினால் இடமாற்றத்தில் மாறாத ஒரு நிலை கிடைக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் குறி மாறும் ஒரு நிலை கிடைக்கிறது. இப்படி மூன்று சோடிகள்: கூட்டியதில் மூன்று, கழித்ததில் மூன்று. ஆக மொத்தம் சமச்சீர் நிலைகள் ஆறு, எதிர்ச்சமச்சீர் நிலைகள் மூன்று.

நைதரசன் கரு போசன் என்று வைத்துக்கொண்டால் முழு அலைச்சார்பும் மாறாமல் இருக்க வேண்டும். இரட்டைப் படியில் சுழலும் மூலக்கூறு அந்த ஆறு கறங்கல் நிலைகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைப் படியில் சுழற்சியே ஒரு மறைக் குறியைக் கொண்டுவருகிறது. அதை நீக்கக் கறங்கலிலிருந்தும் ஒரு மறைக் குறி வேண்டும். அப்படிப்பட்டவை மூன்றுதான். ஆறுக்கு மூன்று, அதாவது இரண்டுக்கு ஒன்று.

கொழும்பின் சாதாரண வெப்பநிலையான 27 பாகை செல்சியசில் கணக்கிட்டுப் பார்ப்போம். கருக்களை மறந்துவிட்டு, ஒரு படியில் எத்தனை சுழற்சி நிலைகள் உண்டு என்று சொல்லும் (2J+1) என்ற காரணியையும், சக்தி கூடக்கூட மூலக்கூறுகள் எவ்வளவு குறையும் என்று சொல்லும் போல்ட்ஸ்மன் காரணியையும் மட்டும் பெருக்கினால் J = 5, 6, 7, 8 படிகளுக்கு முறையே 8.3, 8.7, 8.8, 8.6 என்று வருகிறது. கிட்டத்தட்ட ஒரே மட்டம். மலையின் உச்சி இங்கேதான் இருக்கிறது. இப்போது ஒற்றைப் படிகளை மூன்றாலும் இரட்டைப் படிகளை ஆறாலும் பெருக்குங்கள்: 25, 52, 26, 51. மாணவி பார்த்த படம் இதுதான்.

இந்த வித்தியாசத்துக்குச் சக்தி காரணமில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்பது கறங்கல் நிலைகளுக்கும் இடையிலான சக்தி வேறுபாடு அறை வெப்பநிலையில் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. கரு மற்றக் கருவைத் தள்ளுவதோ இழுப்பதோ இங்கே எதையும் தீர்மானிக்கவில்லை. இடங்களின் எண்ணிக்கை மட்டுமே தீர்மானிக்கிறது. சாதாரண மோதல்களால் ஒற்றைப் படி மூலக்கூறு இரட்டைப் படிக்கு எளிதில் மாறுவதும் இல்லை. காலிமுகத்திடலில் நின்று நீங்கள் இழுக்கும் மூச்சிலுள்ள நைதரசனில் மூன்றில் ஒரு பங்கு ஒற்றைப் படிகளில்தான் சுழன்றுகொண்டிருக்கிறது. ‘குவாண்டம் சக்தி’ ஏற்றிய பதக்கங்களைக் கழுத்தில் மாட்டச் சொல்லி விற்பவர்களுக்கு இதைச் சொல்ல ஆசைதான். விலை கொடுக்காமலே ஒவ்வொருவர் நுரையீரலிலும் உண்மையான குவாண்டம் இருக்கிறது, அது எந்த நோயையும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இதைப் படம் பிடிப்பது அவ்வளவு எளிதில்லை. இத்தாலியரான ராசெற்றி 1929 இல் கலிபோர்னியாவின் பசடீனாவில் இதைச் செய்தார். அவர் எடுத்துக்கொண்டது இரச விளக்கின் 253.7 நனோமீற்றர் ஒளி. அந்த இடத்தில் நைதரசனின் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடைவெளி சுமார் 0.05 நனோமீற்றர்தான். பிளவை அகலமாகத் திறந்தால் நெட்டையும் குட்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, சக்தி மாறாமல் சிதறும் ஒளி; அதன் பளபளப்பில் பக்கத்திலுள்ள கோடுகள் மூழ்கிவிடும். இந்த அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்ததன் கெட்டித்தனம் இங்கேதான் இருக்கிறது: இரச ஆவியே இந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே கொஞ்சம் இரச ஆவியைக் குறுக்கே வைத்தால் வேண்டாத ஒளி மறைந்து, சற்றே விலகிய கோடுகள் மட்டும் தப்பி வருகின்றன. மூன்றாவது பொறி ஒளித்தட்டு. அதிக நேரம் ஒளி படவிட்டால் நெட்டைக் கோடுகள் கறுத்து நிறைந்துவிடும். குட்டைக் கோடுகள் எட்டிப் பிடித்துவிடும். விகிதம் ஒன்றை நோக்கி நகரும்.

ராசெற்றியின் தட்டில் இரட்டைப் படிக் கோடுகளே வலிமையாக இருந்தன. அதே ஆண்டில் பௌதிகவியலாளர்களான ஹைட்லரும் ஹேர்ஸ்பேர்க்கும் இதன் பொருளை எடுத்துச் சொன்னார்கள்: நைதரசன் கரு போசன். இது பெரிய சங்கடம். ஏனென்றால் அன்று கரு என்பது புரோத்தன்களும் இலத்திரன்களும் சேர்ந்த பொதி என்றே நினைத்தார்கள். நைதரசனின் திணிவு 14, ஏற்றம் 7. ஆகவே உள்ளே 14 புரோத்தன்கள், ஏற்றத்தைக் குறைக்க 7 இலத்திரன்கள்; மொத்தம் 21 பெர்மியன்கள். ஒற்றை எண்ணிக்கையான பெர்மியன்கள் சேர்ந்தால் பெர்மியன்தான் வரும். கறங்கலும் அரை எண்ணாகவே இருக்க வேண்டும். 1 வரவே முடியாது. கருவுக்குள் போன இலத்திரன் தன் கறங்கலையும் இந்தக் கணக்கில் சேரும் உரிமையையும் இழந்துவிடுகிறதோ என்றுகூட அவர்கள் யோசித்தார்கள்.

1932 இல் சட்விக் நியூத்திரனைக் கண்டுபிடித்ததும் முடிச்சு அவிழ்ந்தது. 7 புரோத்தன், 7 நியூத்திரன், மொத்தம் 14. இரட்டை எண், போசன். நியூத்திரனைப் புரோத்தனும் இலத்திரனும் ஒட்டிய சோடியாகக் கருதினால் மறுபடியும் 21 என்ற பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம். அதாவது நியூத்திரன் தானே ஒரு தனிப் பெர்மியன் என்பதையும் இந்தக் கோடுகள் வற்புறுத்துகின்றன. நம் நாட்டில் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுப் போனால் முதல் கேள்வியே “இதனால் என்ன பயன்?” என்பதுதான். வாயுவின் கோடுகளை அளந்தவருக்கு கருவின் உள்ளடக்கம் தெரியவரும் என்று 1929 இல் எந்த விண்ணப்பத்தில் எழுதியிருக்க முடியும்?

இந்த விளக்கம் சரியா என்று சோதிக்க நைதரசன்-15 சமதானி இருக்கிறது. அதில் 7 புரோத்தன், 8 நியூத்திரன்; கறங்கல் அரை; பெர்மியன். அந்த வாயுவில் முறை தலைகீழாகிறது: ஒற்றைப் படிக் கோடுகள் மூன்று மடங்கு வலிமையாக நிற்கின்றன. ஒரு பக்கம் 14, மறுபக்கம் 15 உள்ள மூலக்கூறில் கருக்கள் வேறுவேறு. இடமாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லாததால் கோடுகள் ஏற்ற இறக்கமின்றி வரிசையாக நிற்கின்றன. மூலக்கூறின் இரசாயனம் மூன்றிலும் ஒன்றுதான்.

ஒட்சிசனில் இது இன்னும் முரட்டுத்தனமாக நடக்கிறது. ஒட்சிசன்-16 கருவின் கறங்கல் பூச்சியம். கறங்கல் நிலை ஒன்றே ஒன்று, அதுவும் சமச்சீர். ஆனால் அதன் இலத்திரன் மேகம் இடமாற்றத்தில் குறி மாறும். அதனால் இரட்டைப் படிகள் அடியோடு இல்லை. குட்டைக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் வெறுமைதான். இதை அறியாதவர் கோடுகளின் இடைவெளியான 11.5 cm⁻¹ ஐ வழக்கம்போல 4B என்று எடுத்தால் B இரு மடங்காகி, பிணைப்பு நீளம் 0.121 நனோமீற்றருக்குப் பதிலாக 0.085 என்று வந்துவிடும். காட்டிக்கொடுப்பது முதல் கோடு. அந்தத் தவறான B சரியென்றால் முதல் கோடு மையத்திலிருந்து 17.3 cm⁻¹ தள்ளி விழ வேண்டும். அது விழுவதோ 14.4 இல்.