கிளீனிங் வேலிடேஷன்: துப்புரவு மெய்ப்பிப்பு

ராமநாதபுரத்தை ஒட்டிய கடற்கரையில் ஒரு சிறிய மாத்திரைத் தொழிற்கூடத்தில் தரப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் அடிக்கடி புழங்கும் சொல் ‘வேலிடேஷன்’, அதிலும் மருந்து ஓடிய இயந்திரத்தைக் கழுவும் முறைக்கான ‘கிளீனிங் வேலிடேஷன்’. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் இதற்கு என்ன பொருள் என்று கேட்டால், போன் ரீசார்ஜ் நினைவுக்கு வந்து “செல்லுபடி” என்பார்கள். அகராதிகளிலும் ‘செல்லுபடியாக்கல்’ என்று பார்க்கலாம். ரயில் டிக்கெட்டுக்கு அது பொருந்தும், கழுவிய பாத்திரத்துக்குப் பொருந்தாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே ‘வாலிதுஸ்’ என்றால் வலுவானது. தட்டிப் பார்த்தாலும் ஆடாமல் நிற்பது என்று வைத்துக்கொள்ளலாம். மருந்துத் துறையில் அந்தப் பொருளே நீடிக்கிறது: ஒரு முறையைப் பின்பற்றினால் ஒவ்வொரு தடவையும் எதிர்பார்த்த விளைவு கிடைக்கும் என்று சான்றோடு நிறுவுவது.

சிலர் ‘சரிபார்ப்பு’ என்று எழுதுகிறார்கள். அது வெரிஃபிகேஷன், அதாவது இன்று கழுவிய பாத்திரம் இன்று சுத்தமா என்று பார்ப்பது. வேலிடேஷனின் கேள்வி வேறு: இதே முறையில் யார் கழுவினாலும், எந்த ஷிஃப்டில் கழுவினாலும் சுத்தமாகுமா? இதற்கு எனக்குப் பிடித்த சொல் ‘மெய்ப்பித்தல்’. மெய் என்று காட்டுவது, அவ்வளவுதான். ‘தூய்மை மெய்ப்பிப்பு’ என்று எழுதுவதையும் நான் தவிர்க்கிறேன். மெய்ப்பிக்கப்படுவது ஒரு நாளைய தூய்மை இல்லை, துப்புரவு செய்யும் முறை. ஆகவே ‘துப்புரவு மெய்ப்பிப்பு’.

இந்த வேலையை எப்படிச் செய்வது என்று முன்கூட்டியே எழுதும் புரோட்டகாலைப் பொதுவாக ‘நெறிமுறை’ என்று பெயர்க்கிறார்கள். கிரேக்கத்தில் அது பாப்பிரஸ் சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் தாளைக் குறித்தது. நம் வேலையிலும் அது முதல் தாள்தான், முதல் மாதிரி எடுக்கும் முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டியது. முடிவைப் பார்த்த பிறகு வரம்பை எழுதினால் அது மெய்ப்பிப்பே ஆகாது. அதனால் நான் ‘மெய்ப்பிப்புத் திட்டம்’ என்று எழுதுகிறேன்.

சரி, திட்டத்தில் என்ன எழுதுவது? எங்கள் கலவை இயந்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன். மாவு பிசைவதுபோல மருந்துப் பொடியைக் குருணையாக்கும் ஆர்எம்ஜி அது. முதலில் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின் 4 மில்லிகிராம் மாத்திரைக்கு ஓடியது. அடுத்து அதே இயந்திரத்தில் பாராசிட்டமால், 50 கிலோ.

முதல் மருந்து எவ்வளவு ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்? ஒரு வேளை மருந்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 4 மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒன்று 0.004 மில்லிகிராம். பாராசிட்டமால் சாப்பிடுபவர் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எட்டு மாத்திரை எடுப்பார், மாத்திரை எடை 650 மில்லிகிராம் என்றால் மொத்தம் 5.2 கிராம். 50 கிலோவில் அப்படி ஏறத்தாழ 9,600 நாள் அளவு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0.004 என்றால் மொத்தம் 38 மில்லிகிராம். மருந்து படும் பரப்பு, அடுத்தடுத்த இயந்திரங்களையும் சேர்த்து, 40,000 சதுர செ.மீ. வகுத்தால் சதுர செ.மீ.க்கு 0.95 மைக்ரோகிராம். இதுதான் ஏற்பு வரம்பு. நச்சியல் அடிப்படையில் கணக்கிட்ட தினசரி அளவு கையில் இருந்தால் அதை வைத்தும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதை எடுக்க வேண்டும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. எஃகுப் பரப்பில் படிந்த மருந்துப் பொடி சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 4 மைக்ரோகிராமுக்கு மேல் போனால்தான் கண்ணுக்குத் தெரியும் என்பது 1993இல் வெளியான ஒரு ஆய்வுக்கட்டுரையிலிருந்து துறையில் எல்லோரும் எடுத்தாளும் அளவு. எங்கள் வரம்பு அதில் கால்வாசி. பளபளவென்று இருக்கும் பாத்திரமும் வரம்பைத் தாண்டியிருக்கலாம். கருவாட்டுச் சட்டியை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அதில் பால் காய்ச்ச மாட்டோம் இல்லையா? அங்கே மூக்கு சொல்லிவிடும். குளோர்பெனிரமினுக்கு மூக்கு உதவாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் மாதிரி எடுக்கும் இடங்கள். எளிதில் கை போகும் நடுச்சுவரில் மாதிரி எடுத்தால் எல்லாமே பாஸ் ஆகும். மருந்து ஒளிந்துகொள்ளும் இடத்தைத் தேட வேண்டும்: அடியில் சுழலும் இறக்கையின் கீழ்ப்பக்கம், சிறு வெட்டுக்கத்தியின் தண்டு நுழையும் சீல், மூடியின் காற்றுத்துளை, குருணை வெளியேறும் வால்வின் ரப்பர் கேஸ்கெட். ஒவ்வொன்றையும் படத்தில் குறித்து, ஏன் அந்த இடம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

முதல் ஓட்டத்தில் எங்கள் மூத்த ஆபரேட்டர் உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். “தம்பி, மூஞ்சி தெரியுது பாருங்க. இதுக்கு மேல என்ன கழுவுறது?” முகம் தெரியத்தான் செய்தது. நான் வால்வின் கேஸ்கெட்டைக் கழற்றச் சொன்னேன். அதன் பள்ளத்தில் 5க்கு 5 செ.மீ. அளவு, ஈரமான பஞ்சுக்குச்சியால் முதலில் இடவலமாகவும் பிறகு குச்சியைத் திருப்பி மேல்கீழாகவும் ஒற்றி எடுத்தோம். 25 சதுர செ.மீ.க்கு வரம்பு ஏறத்தாழ 24 மைக்ரோகிராம். 10 மில்லி கரைப்பானில் ஊறவைத்துப் பார்த்தபோது 31 மைக்ரோகிராம் வந்தது. அதோடு முடியவில்லை. குச்சி எப்போதும் முழுவதையும் எடுத்துவிடாது. தெரிந்த அளவு மருந்தைத் தகட்டில் தடவி ஒற்றிப் பார்த்ததில் 80 விழுக்காடுதான் திரும்பக் கிடைத்திருந்தது. 31ஐ 0.8ஆல் வகுத்தால் 39. மற்ற மூன்று இடங்களும் வரம்புக்குள். இது மட்டும் தோல்வி.

குளோர்பெனிரமின் தண்ணீரில் நன்றாகக் கரையும், பிறகு ஏன் தங்கியது? குருணை கட்டச் சேர்த்த ஸ்டார்ச் பசை பள்ளத்தில் காய்ந்து, மருந்தையும் உள்ளே பிடித்து வைத்திருந்தது. கழுவும் செயல்முறைத் தாளிலோ கேஸ்கெட்டைக் கழற்று என்று எழுதியே இல்லை. அவர் தாளில் உள்ளபடிதான் கழுவியிருக்கிறார், பிழை தாளில் இருந்தது.

இந்தக் கடற்கரையில் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். எங்கள் போர்த் தண்ணீர் உவர்ப்பு. அதிலுள்ள குளோரைடு எஃகில் ஊசிமுனைக் குழிகளைப் பறிக்கும், குழியில் மருந்து தங்கும். அதனால் முதல் அலசலுக்கு ஆர்ஓ தண்ணீரும் கடைசி அலசலுக்குச் சுத்திகரித்த நீரும்தான் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டோம். உப்புக்காற்றின் ஈரத்தில் பாத்திரம் தானாகக் காய்வதும் இல்லை. நனைந்தபடி மூடி வைத்தால் கிருமி வளரும். எனவே சூடான காற்றில் உலர்த்துவதும், கழுவிய பின் எத்தனை மணி நேரம் வரை பயன்படுத்தலாம் என்பதும் தனியாக மெய்ப்பிக்க வேண்டியவை. ஓட்டம் முடிந்து கழுவும்வரை அழுக்காக எவ்வளவு நேரம் கிடக்கலாம் என்பதற்கும் அதே கவனம் வேண்டும். ஸ்டார்ச் காயக் காய இறுகும்.

தோல்வி வந்ததும் இன்னொரு முறை ஒற்றிப் பார்த்து நல்ல எண்ணை எடுத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். முடியாது என்றேன். விலகலைப் பதிவு செய்தோம். செயல்முறைத் தாளில் கேஸ்கெட்டைக் கழற்றித் தனித் தட்டில் வெந்நீரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்க்கும் படியைச் சேர்த்தோம். அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களும் வரம்புக்குள் வர வேண்டும் என்பது திட்டம், அதனால் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினோம். மூன்றாவது ஓட்டத்தில் கேஸ்கெட் பள்ளத்தில் கிடைத்தது 6 மைக்ரோகிராம். டார்ச் அடித்துக் காட்டிய அண்ணன் அந்தத் தட்டுக்கு ‘கேஸ்கெட் மட்டும்’ என்று மார்க்கரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்.