டெண்டர் நேரத்தில் வந்த கைக்கடிகாரம்

கொள்முதல் பிரிவில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு பார்சல் என்றாவது வரும். எனக்கு வந்தது வீட்டு முகவரிக்கு. உள்ளே ஒரு கைக்கடிகாரமும் வாழ்த்து அட்டையும் இருந்தன. அனுப்பியவர் பல வருடமாக எங்களுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்பவர், நல்ல மனிதர். ஆனால் அடுத்த ஒப்பந்தத்துக்கான விலைப்புள்ளிகள் அந்த வாரம்தான் என் மேசையில் இருந்தன. அவருடையதும் அதில் ஒன்று.

சின்னப் பரிசுகளுக்குப் பல நிறுவனங்கள் ஒரு மதிப்பு வரம்பு வைத்திருக்கும். எங்கள் விதியில், டெண்டர் முடியும்வரை அந்த வரம்புக்கே இடமில்லை, பேனாகூடக் கூடாது. பெட்டியைப் படம் எடுத்து அன்றே மேலாளருக்கு மெயில் அனுப்பினேன், பரிசுப் பதிவேட்டிலும் எழுதினேன். இரண்டு நாள் பேசாமல் வைத்திருந்தால் வாங்கிக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

கூரியரில் போடுவதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்தேன். சொல்லாமல் பார்சல் திரும்பிப் போனால் யாருக்கும் முகத்தில் அடித்த மாதிரிதான் இருக்கும். "நினைவு வைத்து அனுப்பியதற்கு ரொம்ப நன்றி. எங்கள் நிறுவன விதிப்படி இங்கே யாருமே பரிசு வாங்குவதில்லை, அதனால் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் விலைப்புள்ளியை இது எந்த விதத்திலும் பாதிக்காது" என்றேன். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பரிசு திரும்பினால் ஆர்டரும் போச்சு என்றுதான் எதிராளி பயப்படுவார். பேசியதையே நான்கு வரியில் மெயிலாகவும் அனுப்பினேன். கூரியர் ஒப்புகைச் சீட்டு கோப்பில் இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் நான் வேறு மாதிரி மழுப்பியிருக்கிறேன். "என்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே" என்றால் அடுத்த வாரம் வேறு பொருள் வரும். "இப்போ வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்" என்பது அதைவிட மோசம். ஆர்டர் கொடுத்த மறுநாள் பெட்டி வாசலில் நிற்கும், அதைப் பார்ப்பவர்கள் கூலி என்றே நினைப்பார்கள்.

அவர் விடவில்லை. "சரி சார், ஒருநாள் வெளியே சாப்பிடவாவது வாங்க" என்றார். டெண்டர் முடிந்ததும் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், டீ என் பொறுப்பு, பெட்டிகள் நசுங்கி வருவதைப் பற்றியும் பேச வேண்டும் என்றேன். சிரித்துவிட்டார். அப்புறம்தான் மனதில் இருந்ததைச் சொன்னார்: "நான் அனுப்பலேன்னா மத்தவங்க முந்திக்குவாங்களோன்னுதான் சார்." நியாயமான பயம். மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, விலைப்புள்ளி தந்த எல்லோருக்கும் அன்று மாலையே ஒரே மெயிலில் விதியைத் தெரிவித்தோம். இப்போதெல்லாம் டெண்டர் அழைப்போடே அது போய்விடுகிறது.

அந்த முறை ஒப்பந்தம் அவருக்குக் கிடைக்கவில்லை, விலையில் பின்தங்கிவிட்டார். அதையும் நானே போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "எந்த அளவுப் பெட்டியில சார் விலை ஏறிப்போச்சு?" என்று கேட்டார். அடுத்தவர் விலையைச் சொல்ல முடியாது, டீக்கு வாருங்கள், உங்கள் விலையை மட்டும் வைத்துப் பேசலாம் என்றேன். வந்தார், கையில் சாம்பிள் பெட்டியோடு.