மரத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு: ஷார்ப்னிங் எப்போது அளவு மீறுகிறது?

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும், எடிட்டிங் ஸ்டுடியோக்களின் மானிட்டர்களைக் கருவி வைத்து அளந்து சரிசெய்து கொடுப்பதும் என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி சிபியு, மானிட்டர் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, பேனல் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். மரம், குதிரை, ஆளு எதைப் பார்த்தாலும் சுத்தி வெள்ளையா ஒரு கோடு வருது" என்றார். பேனலையே மாற்ற வேண்டும் என்று வேறொரு இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். பாதி மானிட்டர் விலை.

இணைத்து கேமை ஓட விட்டேன். மாலை வானம், அதன் முன்னால் இலையில்லாத ஒரு மரம். ஒவ்வொரு கிளையையும் ஒட்டி, வானத்தை விட வெளுப்பாக மெல்லிய ஒரு கரை ஓடியது. கிளையின் ஓரமோ கிளையை விடக் கறுப்பாக இருந்தது. பேனல் கெட்டால் இப்படி வராது. பேனலுக்கு எது மரம், எது வானம் என்று தெரியாது. பொருளின் ஓரத்தைத் தேடிப்போய்க் கோடு போடுகிறது என்றால் அது ஏதோ ஒரு ஷார்ப்னிங் ஃபில்டரின் வேலை. இவர் விஷயத்தில் ஒன்றல்ல, மூன்று ஃபில்டர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கேமின் மெனுவில் ஒன்று, கிராபிக்ஸ் டிரைவரில் ஒன்று, மானிட்டரின் சொந்த மெனுவில் ஒன்று.

ஃபில்டர் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். படத்தை லேசாக மங்கலாக்கி ஒரு நகல் எடுக்கிறது. அசலுக்கும் மங்கலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அதில் ஒரு பங்கை அசலோடு திரும்பச் சேர்க்கிறது. வித்தியாசம் எங்கே அதிகம்? ஓரங்களில்தான். அதனால் ஓரத்தின் இருண்ட பக்கம் இன்னும் இருள்கிறது, வெளிச்சமான பக்கம் இன்னும் வெளுக்கிறது. புதிதாக ஒரு விவரமும் படத்துக்குள் வருவதில்லை. ஓரத்தில் வித்தியாசம் கூடியதைக் கண் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஒரு வரிசையில் ஆறு பிக்சல்கள். இடது மூன்றும் கிளை, ஒளி அளவு 80. வலது மூன்றும் வானம், 140. பக்கத்துப் பிக்சல்களோடு சேர்த்துச் சராசரி எடுத்து மங்கலாக்கி, வித்தியாசத்தில் பாதியை மட்டும் சேர்ப்போம்.

```
அசல்:        80  80  80 140 140 140
ஒரு முறை:    80  80  70 150 140 140
இரு முறை:    80  82  55 165 138 140
மூன்று முறை: 80  86  32 188 134 140
```

முதல் வரியில் கிளைக்கும் வானத்துக்கும் வித்தியாசம் 60. ஒரு முறை ஃபில்டர் போட்டால் 80. இது கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். இரண்டாவது முறை 110, மூன்றாவது முறை 156. ஒவ்வொரு முறையும் அதே அளவைத்தான் கொடுத்தோம். ஆனால் கூடியது 20, 30, 46 என்று ஏறிக்கொண்டே போகிறது. ஏனென்றால் இரண்டாவது ஃபில்டர் அசல் படத்தைப் பார்ப்பதில்லை. முதல் ஃபில்டர் போட்ட கரையையும் ஓரம் என்று நினைத்து அதையும் கூர்மையாக்குகிறது. கரைக்கு அடுத்த பிக்சலைக் கவனியுங்கள். 80 ஆக இருந்தது 86 ஆகிவிட்டது, 140 ஆக இருந்தது 134 ஆகிவிட்டது. வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு கோடு. தம்பியின் மரத்தில் நான் பார்த்ததும் அதேதான். நிஜத்தில் மூன்றும் ஒரே மாதிரி ஃபில்டராக இருக்காது, ஆனால் போக்கு இதுதான்.

சரி, கேம்களில் ஷார்ப்னிங் எதற்கு வந்தது? ஓரங்களில் படிக்கட்டு மாதிரித் தெரிவதை மறைக்க, இப்போதைய கேம்கள் பெரும்பாலும் டிஏஏ என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. முந்தைய ஃபிரேம்களை இப்போதைய ஃபிரேமோடு கலக்கும் முறை அது. கலப்பதால் படம் கொஞ்சம் குழைகிறது, நகரும்போது இன்னும் குழைகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஷார்ப்னிங். ஆகவே அது வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேம் செய்தவர்கள் தங்கள் டிஏஏ எவ்வளவு குழைக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஓரளவு முன்பே வைத்திருப்பார்கள். மெனுவில் ஷார்ப்னிங் என்று எதுவுமே இல்லாத கேமில் கூட உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். இது தெரியாமல் டிரைவரில் இன்னொன்றை ஏற்றுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எல்லா ஃபில்டரும் ஒரே ரகமும் இல்லை. ஏஎம்டி 2019இல் வெளியிட்ட கேஸ் என்ற முறை, ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி எது மிக இருள், எது மிக வெளிச்சம் என்று முதலில் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே வித்தியாசம் அதிகமாக உள்ள இடத்தில் கையை அடக்கிக்கொண்டு, மற்ற இடங்களில் கூடுதலாகச் செய்யும். அதனால் கரை குறைவாக விழும். கேமின் படத்தின் மேல் கூடுதல் ஃபில்டர் போட உதவும் ரீஷேட் போன்ற கருவிகளில் கிடைக்கும் பழைய பாணி ஃபில்டர்கள் அப்படி எடைபோடுவது குறைவு. ஸ்லைடரில் உள்ள எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் முறையின் முதல் பதிப்பில் உள்ள ஷார்ப்னிங்கில் 0 என்பதுதான் உச்ச அளவு. எண் ஒன்று கூடினால் கூர்மை பாதியாகும். பல கேம்கள் அதைத் திருப்பிப்போட்டு மெனுவில் காட்டுகின்றன. ஒரு கேமில் நன்றாக இருந்த எண்ணை இன்னொரு கேமில் அப்படியே வைப்பதில் அர்த்தமில்லை.

யூடியூபில் யாரோ சொன்ன எண்ணும் அப்படித்தான். 24 இன்ச் 1080பி மானிட்டரில் ஒரு பிக்சல் சுமார் 0.28 மி.மீ. 27 இன்ச் 4கே மானிட்டரில் சுமார் 0.16 மி.மீ. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் நல்ல கண்ணால் பிரித்துப் பார்க்க முடிவது ஏறத்தாழ 0.17 மி.மீ. அதாவது ஒரு பிக்சல் அகலக் கரை 4கேயில் கண்ணுக்குள் கரைந்துபோகும், 1080பியில் தனிக் கோடாக நிற்கும். 4கே வைத்திருப்பவர் தாராளமாக ஏற்றிச் சொல்லும் அளவு, 1080பி வைத்திருப்பவருக்கு ஆகவே ஆகாது.

இனி, கோட்டைப் போடுவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது. நான் செய்வது இதுதான். கேமை மூடிவிட்டு பெயிண்டைத் திறந்து, பக்கம் முழுவதும் நடுச் சாம்பல் நிறம் நிரப்புகிறேன் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 128). அதன் மேல் கருஞ்சாம்பலில், 50 அளவில், இரண்டு மூன்று கோடுகள். ஜூம் 100 சதவீதம். வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்தை வைத்துச் சோதிப்பதில் பயன் குறைவு. வெள்ளைக்கு மேல் வெளுக்கவும் கறுப்புக்குக் கீழ் இருளவும் இடமில்லை, அதனால் கரை ஒளிந்துகொள்ளும். சாம்பலில் ஒளிய முடியாது. கோட்டைச் சுற்றி வெளுப்பு தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மானிட்டரை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தால் இது சிக்காது. மானிட்டர் செய்வது கேபிளைத் தாண்டிய பிறகு நடப்பது. போனை நெருக்கமாக வைத்துப் படம் எடுத்தால்தான் தெரியும்.

டெஸ்க்டாப் சுத்தமாக இருந்தால் கேமுக்குள் போய், ஓரத்தில் வரும் மினி மேப்பையும் தோட்டா எண்ணிக்கையையும் பாருங்கள். டிரைவர் ஃபில்டர் முழுதாக வரைந்து முடிந்த படத்தின் மேல் வேலை செய்கிறது, எழுத்தையும் விடாது. கேமின் சொந்த ஷார்ப்னிங் வழக்கமாக அந்த எழுத்துகளை வரைவதற்கு முன்பே முடிந்துவிடும். எழுத்தைச் சுற்றியும் கரை இருந்தால் டிரைவர். எழுத்து சுத்தம், மரத்தில் மட்டும் கரை என்றால் கேம்.

தம்பியின் மானிட்டரில் சாம்பல் பக்கத்திலேயே கரை தெரிந்தது. மானிட்டர் மெனுவில் Sharpness 70. அதை மெதுவாக இறக்கினேன். 50க்கு வந்ததும் வெளுப்பு மறைந்தது. இன்னும் இறக்கினால் கோடே குழைந்தது. அப்படியென்றால் அந்த மானிட்டருக்கு 50தான் 'எதுவும் செய்யாத' நிலை. சில மானிட்டர்களில், பல டிவிகளில், அந்த நிலை 0. எது என்று அட்டையில் எழுதியிருக்காது, இப்படிச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து என்விடியா கன்ட்ரோல் பேனலில் Image Sharpening 0.50 என்று இருந்தது. அதை அணைத்தேன். மினி மேப்பின் எழுத்து உடனே மெலிந்து இயல்பானது. மிஞ்சியது கேமின் ஸ்லைடர் மட்டும்.

எதை வைத்துக்கொள்வது என்றால், முடிந்தவரை கேமுக்குள் இருப்பதையே. டிரைவர் ஃபில்டர், கேம் வேண்டுமென்றே தூவிய ஃபிலிம் கிரெய்ன் என்ற பொடிப்புள்ளிகளையும் சேர்த்து ஊதிப் பெரிதாக்கும். அதற்காகவே என்விடியா பேனலின் சில பதிப்புகளில் Ignore film grain என்று ஒரு ஸ்லைடரைப் பக்கத்தில் வைத்தார்கள். கேமில் ஷார்ப்னிங்குக்கு வழியே இல்லையென்றால் மட்டும் டிரைவருக்குப் போங்கள். அப்புறம், மெனுவில் இல்லாமல் உள்ளே ஓடும் ஷார்ப்னிங்கை அன்ரியல் எஞ்சின் கேம்கள் சிலவற்றில் Engine.ini கோப்பில் இப்படி அணைக்கலாம். எல்லாக் கேமும் இதை ஏற்காது.

```
[SystemSettings]
r.Tonemapper.Sharpen=0
```

அளவு வைக்கும்போது உயரத்திலிருந்து இறங்கி வராதீர்கள். கூர்மையான படத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சாதாரணப் படம் மங்கலாகத்தான் தெரியும். 0இல் வைத்து ஐந்து பத்து நிமிடம் விளையாடி, கண் பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வானத்துக்கு எதிரில் ஒரு கிளையோ மின்கம்பியோ இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பாருங்கள். வெளுப்புக் கரை முதல்முறை கண்ணில் பட்டதும் இரண்டு படி கீழே இறக்குங்கள். பிறகு ஓடிப் பாருங்கள். புல்லும் கம்பிவேலியும் மினுமினுத்தால் இன்னும் ஒரு படி.

இந்த முறையில் தம்பியின் கேமில் ஸ்லைடர் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே நின்றது. முதலில் அவருக்குத் திருப்தியில்லை. "என்னண்ணா, பொகை மாதிரி இருக்கே" என்றார். இரண்டு நாள் இதிலேயே விளையாடுங்கள், பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துத் தருகிறேன் என்று அனுப்பினேன். மூன்றாம் நாள் பழைய அளவுக்கு மாற்றிப் பார்த்தாராம். குதிரையைக் கத்தரித்து வானத்தில் ஒட்டிய மாதிரி இருந்ததாகச் சொல்லி, மறுபடி இறக்கிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போன். கோடு திரும்ப வந்துவிட்டது, டிரைவரில் எதையும் தொடவில்லை என்றார். மானிட்டரில் எந்த மோடு இருக்கிறது என்று கேட்டேன். இடையில் துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றுக்காக எஃப்பிஎஸ் மோடுக்கு மாற்றியிருக்கிறார். அவருடைய மானிட்டர் ஒவ்வொரு மோடுக்கும் ஷார்ப்னஸைத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். நான் 50க்கு இறக்கியது ஒரு மோடில் மட்டும்தான். போனிலேயே ஒவ்வொரு மோடாகப் போகச் சொல்லி, சாம்பல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் 50க்கு வைக்க வைத்தேன்.