சொல் விளக்கம்: மின்தடை, தடையி, எல்.இ.டி.க்கு ஓர் ஓம் கணக்கு

மொரீசியசில் 'ரெசிஸ்தான்ஸ்' என்ற சொல்லை அறியாத வீடு இல்லை. கெட்டில் சூடாகவில்லை என்றால் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு "ரெசிஸ்தான்ஸ் போய்விட்டது" என்பார். குளியலறைச் சுடுநீர்த் தொட்டிக்கும் அதே பேச்சுதான். பிரெஞ்சிலும் கிரியோலிலும் அந்த ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. சூடேற்றும் கம்பிச்சுருளும் ரெசிஸ்தான்ஸ், மின்னோட்டத்தை எதிர்க்கும் பண்பும் ரெசிஸ்தான்ஸ், மின்னணுப் பலகையில் குத்தும் வண்ணக் கோடு போட்ட சிறு உருளையும் ரெசிஸ்தான்ஸ். ஆங்கிலம் பண்பை 'ரெசிஸ்டன்ஸ்' என்றும் பொருளை 'ரெசிஸ்டர்' என்றும் பிரித்துக்கொள்கிறது. பாடநூல் ஆங்கிலத்திலும் விளக்கம் பிரெஞ்சிலும் கிரியோலிலும் கிடைக்கிற நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு அங்கேயே நழுவிவிடுகிறது.

சொல்லின் வேர் இலத்தீன். 'ரெசிஸ்தெரே' என்றால் எதிர்த்து நிற்றல். போகிறவனை முழுக்க மறிப்பது அதன் பொருளன்று. போகும் வழியில் எதிராக நின்று போக்கைக் கடினமாக்குவது. 1827இல் ஜெர்மானியர் கியோர்க் ஓம் வெளியிட்ட நூல் இந்த எதிர்ப்பை அளக்கக்கூடிய ஒன்றாக்கியது. கம்பியின் இரு முனைக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை அதில் ஓடும் மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே மின்தடை. அதன் அலகுக்கும் அவர் பெயரே.

தமிழில் 'தடு' என்னும் வினையிலிருந்து 'தடை', அதிலிருந்து 'மின்தடை'. இதில் ஒரு சிக்கல் உண்டு. என் அண்ணன் மகள் முதன்முதலில் இந்தச் சொல்லைக் கேட்டது தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தியில். "சித்தப்பா, மின்தடைன்னா கரண்ட் போறதுதானே? அப்ப அதைப் போட்டா லைட் எப்படி எரியும்?" என்றாள். அவள் கேட்டது முழுக்கச் சரி. தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் 'நாளை மின்தடை' என்றால் நாளைக்கு மின்சாரம் வராது. அதே சொல் இயற்பியல் பாடத்தில் ரெசிஸ்டன்ஸ். ஆகவே பண்புக்கு மின்தடை என்பது பாடநூலில் நிலைத்துவிட்ட சொல், அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கையில் எடுக்கும் பொருளுக்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும்.

அதற்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டில் மின்தடையாக்கி என்றும் மின்தடையம் என்றும் எழுதுகிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் தடையி. மின்தடையாக்கி பொருள் தெளிவான சொல்தான், ஆனால் பட்டறை மேசையில் நாற்பது தடவை சொல்ல நீளம். மின்தடையத்தைச் சுருக்கித் 'தடையம்' என்றால் காவல்துறை தேடும் 'தடயம்' காதில் விழும். தடையி இரண்டு குறையும் இல்லாதது. 'ஒரு தடையி எடு' என்றால் எடுக்க வேண்டியது பொருள் என்று உடனே தெரிகிறது. நான் இதையே சொல்கிறேன், இங்கும் இதையே எழுதுகிறேன்.

எல்.இ.டி.யோடு போடும் தடையிக்கு ஆங்கிலத்தில் இன்னொரு அடைமொழி உண்டு. மின்னோட்டத்தை எல்லைக்குள் வைப்பது என்று பொருள். தமிழில் அதற்கு 'மட்டுப்படுத்தும் தடையி' என்பது மிகப் பொருத்தம். மட்டு என்றால் அளவு, எல்லை. 'இதுமட்டும் போதும்' என்கிறோமே, அந்த மட்டு. தடுப்பது அதன் வேலையன்று, மட்டாக விடுவதே வேலை. கணக்கும் சரியாக இதைத்தான் செய்கிறது.

எல்.இ.டி. தன் மின்னோட்டத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளாது. சாதாரணச் சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 1.8 வோல்ட்டில் ஒன்றிரண்டு மில்லியாம்பியர் எடுத்து மெல்ல ஒளிரும். 2 வோல்ட்டை ஒட்டி இருபதை நெருங்கிவிடும். அழுத்தம் கொஞ்சமே கூடினாலும் மின்னோட்டம் பல மடங்கு எகிறும். சூடானால் அது இன்னும் குறைந்த அழுத்தத்திலேயே அதே மின்னோட்டத்தை எடுக்கும். எனவே 'இதற்கு 2 வோல்ட் கொடு' என்று சமாளிக்க முடியாது. 5 வோல்ட்டைக் கொடுத்து, எல்.இ.டி. எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதைத் தடையியின் மேல் ஏற்ற வேண்டும்.

```
R = (Vs - Vf) / I
```

Vs என்பது அர்டுயினோ ஊனோ என்னும் நிரலிடக்கூடிய சிறு பலகையின் கால் தரும் 5 வோல்ட். Vf என்பது எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் முன்னோக்கு மின்னழுத்தம், சிவப்புக்கு 2 வோல்ட் என்று கொள்வோம். I நாம் தேர்ந்தெடுக்கும் மின்னோட்டம். இதை 20 மில்லியாம்பியர் என்று வைப்பவர்கள் அதிகம், ஏனென்றால் தரவுத்தாளில் அந்த எண்தான் கண்ணில் படும். கண்ணுக்கு அவ்வளவு தேவையில்லை, 15 தாராளம். மிச்சம் 3 வோல்ட், 0.015 ஆம்பியரால் வகுத்தால் 200 ஓம்.

200 ஓம் தடையி சாதாரணப் பெட்டியில் இருக்காது. அதில் வருபவை 150, 180, 220, 270, 330 என்ற வரிசை. மேலே உள்ளதை எடுக்க வேண்டும், 220. அப்போது மின்னோட்டம் 13.6 மில்லியாம்பியர். தடையி வெப்பமாக்குவது 3 வோல்ட் பெருக்கல் 0.0136, அதாவது சுமார் 0.04 வாட். கால் வாட் தடையி இதை உணரவே உணராது. அடுப்படி ரெசிஸ்தான்சோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும்: 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்கும் கெட்டிலின் சுருளுக்கு மின்தடை வெறும் 26 ஓம் அளவுதான். ஓம் கூடினால் சூடு கூடும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

220 ஓமின் வண்ணக் கோடுகள் சிவப்பு, சிவப்பு, பழுப்பு, கடைசியில் பொன்னிறம். மூன்றாவது கோடு பழுப்பா ஆரஞ்சா என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆரஞ்சு என்றால் 22,000 ஓம், மின்னோட்டம் ஏறத்தாழ 0.14 மில்லியாம்பியர். பகல் வெளிச்சத்தில் எல்.இ.டி. செத்துவிட்டதுபோலத் தெரியும். விளக்கைக் கையால் பொத்திப் பாருங்கள். உள்ளே மங்கலாக ஒளிர்ந்தால் நிரலில் குற்றமில்லை, தடையிதான் மாறிவிட்டது.

கணக்குப் போட்டதை அளந்தும் பார்க்க வேண்டும். மின்னும் எல்.இ.டி.யில் மீட்டர் எண் நிலைகொள்ளாது. எனவே அளக்கும்போது மட்டும், எல்.இ.டி. குத்திய 8ஆம் காலை நிலையாக ஏற்றி வைத்துவிடலாம்.

```
void setup() {
  pinMode(8, OUTPUT);
  digitalWrite(8, HIGH);
}
void loop() {}
```

மல்டிமீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, முனைகளைத் தடையியின் இரு பக்கமும் வையுங்கள். சுற்றை எங்கும் வெட்ட வேண்டாம். 2.7 வோல்ட் என்று காட்டினால் 220ஆல் வகுக்க 12.3 மில்லியாம்பியர். கணக்கில் வந்த 13.6 எங்கே போனது? ஊனோவின் காலுக்குள்ளேயே இருபத்தைந்து ஓம் அளவுக்கு ஒரு மின்தடை உண்டு, அதில் கொஞ்சம் அழுத்தம் இழக்கிறது. இந்த வேறுபாடு கெடுதல் இல்லை, பாதுகாப்பான பக்கம்தான்.

அந்த உள்மின்தடைதான் ஒரு தவறான நம்பிக்கைக்கும் காரணம். தடையியே இல்லாமல் எல்.இ.டி.யைக் குத்தினாலும் எரிகிறது, எனவே தடையி அநாவசியம் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். எரிவது உண்மை. ஆனால் மட்டுப்படுத்தும் வேலையைச் சிப்பின் கால் தலையில் ஏற்றியிருக்கிறோம். ஒரு காலுக்குத் தரவுத்தாள் சொல்லும் உச்ச எல்லை 40 மில்லியாம்பியர், இப்படிப் போட்டால் அதை எளிதாகத் தாண்டும். காலுக்கும் தரைக்கும் இடையே அளந்தால் 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மிகவும் சரிந்த எண் வரும்; அதுதான் அறிகுறி. அன்றைக்கே கருகாது. பிறகொரு நாள் அந்தக் கால் மட்டும் வேலை செய்யாமல் போகும், காரணம் யாருக்கும் தெரியாது.

220 என்ற எண்ணை மனப்பாடம் செய்து எங்கும் போடுவது அடுத்த சிக்கல். ஊனோ போன்ற இன்னொரு பலகையான ராஸ்பெரி பை பிக்கோவின் கால் தருவது 3.3 வோல்ட். சிவப்புக்கு மிச்சம் 1.3 வோல்ட், 330 ஓம் போட்டால் ஏறத்தாழ 4 மில்லியாம்பியர், இன்றைய எல்.இ.டி.க்கு அது நல்ல வெளிச்சம். நீலத்துக்கோ வெள்ளைக்கோ கதை வேறு. அவை 3 வோல்ட் அளவு எடுக்கும், மிச்சம் 0.3. ஒரு நீல எல்.இ.டி. 2.9 எடுத்து, பக்கத்தில் உள்ளது 3.1 எடுத்தால், தடையிக்கு வருவது ஒன்றில் 0.4, மற்றொன்றில் 0.2. அதாவது ஒரே தடையியோடு ஒன்றில் மற்றதைப்போல் இரு மடங்கு மின்னோட்டம். குறைந்த மின்னோட்டத்தில் எல்.இ.டி. எடுக்கும் அழுத்தமும் சற்று இறங்குவதால் இரண்டும் எரியத்தான் செய்யும், ஆனால் வெளிச்சம் ஒன்றுபோல் இருக்காது. மட்டுப்படுத்த வேண்டுமானால் தடையியின் பங்குக்கு ஒரு வோல்ட்டாவது மிஞ்ச வேண்டும் என்பது என் வழக்கம்.

பிக்கோவில் நீலம் வேண்டும் என்று அடம் பிடித்தால் வழி இருக்கிறது. யூ.எஸ்.பி. தரும் 5 வோல்ட்டிலிருந்து எல்.இ.டி.யை ஊட்டி, தரைப் பக்கம் ஒரு சிறு என்.பி.என். டிரான்சிஸ்டரைப் போட்டு, பிக்கோவின் காலால் ஒரு கிலோ-ஓம் தடையி வழியாக அதைத் திறந்து மூடலாம். டிரான்சிஸ்டர் தனக்காக 0.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 5இலிருந்து 3ஐயும் 0.2ஐயும் கழித்தால் 1.8, பத்து மில்லியாம்பியருக்கு 180 ஓம். அது பெட்டியிலேயே இருக்கும்: பழுப்பு, சாம்பல், பழுப்பு.