லாபம் 32 லட்சம், வரி பிடிப்பது 90 லட்சத்துக்கு: கொழும்பிலிருந்து சென்னை வீட்டை விற்பவர்களுக்கு

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் ஓர் அக்கா 2025 செப்டெம்பரில் ஒரு பேப்பர் கட்டோடு வீட்டுக்கு வந்தார். கணவரின் வேலைக்காகப் பதினொரு வருடமாகக் கொழும்பில் இருப்பவர், இந்தியப் பாஸ்போர்ட். 2012இல் வேளச்சேரியில் வாங்கிய பிளாட்டை 90 லட்சம் இந்திய ரூபாய்க்கு விற்கப் பேசி முடித்து, ஐந்து லட்சம் அட்வான்ஸும் வாங்கிவிட்டார்.

"தம்பி, ஒரு சதவீதம்தானே பிடிப்பார்கள்? என் அண்ணன்தான் பவர் வாங்கிக் கையெழுத்துப் போடப் போகிறார், அவர் சென்னையில்தானே இருக்கிறார்" என்றார்.

தவறு தொடங்குவது இந்த இடத்தில்தான். ஒரு சதவீதம் என்பது விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், அதுவும் 50 லட்சமோ அதற்கு மேலோ விலை போனால் மட்டும். இங்கே விற்பவர் அக்கா. அண்ணன் அவருக்காகக் கையெழுத்துப் போடுபவர், அவ்வளவுதான். கொள்ளுப்பிட்டியில் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் சான்றுறுதி செய்து அனுப்பும் பவர் பத்திரம் யார் கையெழுத்திடலாம் என்பதை மாற்றும், யார் வரி கட்ட வேண்டும் என்பதை மாற்றாது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதும் கேள்வி இல்லை. அந்த நிதியாண்டில் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதை வைத்துத்தான் வெளிநாட்டில் வசிப்பவரா என்று பார்ப்பார்கள்.

அப்படி வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால், வாங்குபவர் 195ஆம் பிரிவின் கீழ் வரி பிடிக்க வேண்டும். இதற்குக் குறைந்தபட்ச விலை வரம்பே கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து, 195 இப்போது 393க்குள் போய்விட்டது. குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கான 197உம் 395ஆகிவிட்டது. ஆனால் ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய எண்கள்தான். அக்காவின் விற்பனை பழைய சட்டத்தில் முடிந்ததால் நானும் அப்படியே சொல்கிறேன்.

சரி, எவ்வளவு பிடிப்பார்கள்? இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருந்த வீடு என்றால் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம். தொகை 50 லட்சத்தைத் தாண்டி ஒரு கோடிக்குள் இருந்தால் அந்த வரியின் மேல் 10 சதவீதம் கூடுதல் வரி, பிறகு 4 சதவீதம் செஸ். எல்லாம் சேர்ந்து 14.3 சதவீதம். விற்பவருடைய லாபம் எவ்வளவு என்று வாங்குபவர் தானாகக் கணக்குப் போட்டுப் பிடிக்கத் துணிய மாட்டார். குறைத்துப் பிடித்தால் மீதி வரியும் வட்டியும் அவர் தலையில் விழும். எனவே முழு விலைக்கும் பிடிப்பார். 90 லட்சத்துக்கு 12,87,000 ரூபாய்.

உண்மையில் வர வேண்டிய வரி எவ்வளவு? அக்கா பத்திரச் செலவு உட்பட 58 லட்சத்துக்கு வாங்கியிருந்தார். லாபம் 32 லட்சம். அதற்கு 12.5 சதவீதம் நாலு லட்சம். லாபம் 50 லட்சத்துக்குள் என்பதால் கூடுதல் வரி இல்லை, செஸ் 16,000. மொத்தம் 4,16,000 ரூபாய். பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்து 20 சதவீதம் கட்டும் பழைய வழி, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடுகளுக்கு இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் விடப்பட்டிருக்கிறது. வேறு வருமானம் இல்லையென்று அடிப்படை விலக்கை இந்த லாபத்தில் கழிக்கவும் நமக்கு முடியாது. இந்த இரண்டிலும் கொஞ்சம் பாரபட்சம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஆக வித்தியாசம் 8,71,000 ரூபாய். ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும், அடுத்த வருடம். அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்காமலிருக்கத்தான் குறைந்த பிடித்தச் சான்றிதழ், அதாவது வாங்குபவர் குறைந்த விகிதத்தில் பிடித்தால் போதும் என்று வரித்துறை தரும் அனுமதி. இலங்கையில் வரி கட்டுகிறோம் என்ற சான்றைக் காட்டித் தப்பலாமா என்றும் அக்கா கேட்டார். வீடு இருக்கும் நாட்டுக்கு அந்த லாபத்தில் வரி போட இரு நாட்டு ஒப்பந்தமே இடம் கொடுக்கிறது, அதனால் அந்த வழி இல்லை.

சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர் விற்பவர்தான். எல்லோரும் படிவம் 13 என்று சொல்லும் விண்ணப்பம், வரிப் பிடித்தங்களுக்கென வரித்துறை வைத்திருக்கும் ட்ரேசஸ் தளத்தில் ஆன்லைனில் போக வேண்டும். அக்காவுக்கு அதற்கு முன்பே ஒரு தடங்கல். அவருடைய பான் பதிவில் அவர் இன்னும் இந்தியாவில் வசிப்பவராகவே இருந்தார். அப்படியே அனுப்பினால் விண்ணப்பம் பழைய வட்டார அதிகாரிக்குப் போகும். பார்க்க வேண்டியவரோ சர்வதேச வரிப் பிரிவு அதிகாரி. ஆதார் இணைக்கவில்லை என்று பான் செயலிழந்திருந்தால் இன்னும் மோசம், பிடித்தம் குறைந்தது 20 சதவீதத்துக்கு ஏறிவிடும். முதலில் வருமான வரித் தளத்தில் நுழைந்து வசிப்பிட நிலையைத் திருத்தி, பான் சரியான அதிகாரியிடம் மாறும்வரை காத்திருந்தோம். மூன்று வாரம் இதிலேயே போனது.

அப்புறம் ஆவணங்கள்: விற்பனை ஒப்பந்தம், 2012 கிரயப் பத்திரம், அன்று பணம் கட்டிய வங்கி ஆதாரம், லாபக் கணக்கு, முந்தைய வருட ரிட்டர்ன்கள், வாங்குபவரின் பான், டான் எண்கள். டான் என்பது வரி பிடிப்பவருக்கான எண். தனிநபர்களிடம் பெரும்பாலும் இருக்காது, வாங்குபவர் விண்ணப்பித்து எடுக்க வேண்டும். தனிநபர்கள் பான் எண்ணைக் கொண்டே கட்டும் வழியை 2026 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதிகாரி அரசு வழிகாட்டி மதிப்பையும் பார்ப்பார். விலையை விட அது 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் லாபத்தை அந்த மதிப்பிலிருந்துதான் கணக்கிடுவார்.

இதற்கிடையே அந்த ஐந்து லட்ச அட்வான்ஸ். வாங்குபவர் அதில் ஒன்றும் பிடிக்கவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே பிடிக்க வேண்டும், பிறகு வரும் சான்றிதழ் முந்தைய தேதிக்குச் செல்லாது. எனவே 14.3 சதவீதத்தில் 71,500 ரூபாயை, தாமதத்துக்கு மாதம் ஒரு சதவீத வட்டியோடு அவர் கட்ட நேர்ந்தது. வட்டியை யார் ஏற்பது என்று இரண்டு வீட்டாருக்கும் மனஸ்தாபம். அக்கா முதலில் கேட்டிருந்தால் அட்வான்ஸை ஐம்பதாயிரத்தோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

நவம்பர் கடைசியில் சான்றிதழ் வந்தது. விற்பவர் பெயர், வாங்குபவரின் டான், தொகை 85 லட்சம், விகிதம் 4.1, செல்லுபடி 2026 மார்ச் 31 வரை. அதன் ஒவ்வொரு வரியும் ஒரு நிபந்தனை. வாங்குபவர் மாறினால் அது செல்லாது. விலை கூடினால் கூடிய பகுதிக்கு முழு விகிதம். கணவனும் மனைவியும் கூட்டாக வைத்திருக்கும் வீடு என்றால் ஆளுக்கொரு சான்றிதழ். வாங்குபவர் சான்றிதழ் எண்ணை ட்ரேசஸில் போட்டு உண்மையானதா என்று பார்க்கலாம். அந்த எண்ணை அவர் தன் காலாண்டு அறிக்கையான படிவம் 27க்யூவில் சேர்க்காவிட்டால், குறைத்துப் பிடித்ததாக நோட்டீஸ் அவருக்குத்தான் போகும்.

டிசம்பரில் பத்திரம் பதிவானது. 85 லட்சத்தில் 3,48,500 பிடித்தார்கள், அட்வான்ஸுக்கான 71,500உடன் சேர்த்து 4,20,000. மீதி அக்காவின் என்ஆர்ஓ கணக்குக்குப் போனது. அதிகம் பிடித்த நாலாயிரம் ரூபாய்க்காக ரிட்டர்ன் போட வேண்டுமா என்று கேட்டார். போடத்தான் வேண்டும், ரீஃபண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சான்றிதழ் பிடித்தத்தை மட்டும் குறைக்கிறது. லாபத்தைக் கணக்குக் காட்டுவது ரிட்டர்னில்தான்.