ஃபிலிம் நுவார் படங்களில் நிழல் எப்படி வடிக்கப்படுகிறது

பில்லி வைல்டர் இயக்கி 1944-இல் வெளிவந்த 'டபுள் இன்டெம்னிட்டி' படத்தின் தொடக்கப் பகுதியில், காப்பீட்டு முகவரான வால்டர் நெஃப் ஒரு பணக்கார வீட்டின் வரவேற்பறைக்குள் நுழைகிறார். வெளியே கலிஃபோர்னியாவின் கடும் வெயில், உள்ளே அரையிருட்டு. ஜன்னல் பிளைண்ட்ஸின் பட்டைகளுக்கிடையே புகுந்துவரும் ஒளி அந்த அறையில் வரிவரியாக விழுகிறது. 1946-இல் பிரான்சில் விமர்சகர்கள் இத்தகைய அமெரிக்கக் குற்றப் படங்களை 'ஃபிலிம் நுவார்' என்று அழைக்கத் தொடங்கினர். அந்த வகையின் அடையாளமாகவே நிலைத்துவிட்ட இந்த வரிகள் தற்செயலாகக் கிடைப்பவை அல்ல.

நிழலின் விளிம்பு கூர்மையாக நிற்பதும் கரைந்து போவதும் விளக்கின் பிரகாசத்தைப் பொறுத்தவை அல்ல; விளக்கின் அகலத்தையும் தூரங்களையும் பொறுத்தவை. பள்ளியில் கிரகணப் பாடத்தில் படித்த கருநிழலும் புறநிழலும்தான் இங்கும் வேலை செய்கின்றன. விளக்கு முகத்தின் அகலத்தை, பிளைண்ட்ஸிலிருந்து சுவர் வரை உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்கிலிருந்து பிளைண்ட்ஸ் வரை உள்ள தூரத்தால் வகுத்தால் புறநிழலின், அதாவது நிழலின் மங்கலான விளிம்பின், அகலம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 30 செ.மீ. அகலமுள்ள விளக்கை பிளைண்ட்ஸுக்கு 3 மீட்டர் வெளியே வைத்து, உள்ளே 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் நிழலை விழச் செய்வதாகக் கொள்வோம். புறநிழல் 30 செ.மீ. ஆகிவிடும். பட்டைகள் 5 செ.மீ.க்கு ஒன்றாக இருந்தால், சுவரில் வரிகள் 10 செ.மீ.க்கு ஒன்றாக விழ வேண்டும். ஆனால் ஒவ்வொரு வரியின் மங்கலும் பக்கத்து வரிகளைத் தாண்டிப் பரவுவதால், சுவரில் வெறும் சாம்பல் நிறமே தெரியும். விளக்கை 9 மீட்டருக்குத் தள்ளி, ஒளி வரும் முகத்தை 5 செ.மீ.க்குக் குறுக்கினால் மங்கல் 2 செ.மீ.க்கும் குறைந்துவிடும், வரிகள் பளிச்சென்று எழும். ஆனால் விளக்கிலிருந்து சுவர் வரை உள்ள தூரம் இரு மடங்கானதால், அதனால் மட்டுமே சுவரில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். சிறிய புள்ளியிலிருந்து பெரும் ஒளி தரும் கார்பன் ஆர்க் விளக்குகள் இதற்குப் பெரிதும் பொருந்தின.

அடுத்தது விகிதம். முகத்தில் நேராக விழும் முதன்மை ஒளி ஒன்று, அது உண்டாக்கும் நிழலை இளக்கும் நிரப்பு ஒளி மற்றொன்று. அக்கால நகைச்சுவைப் படங்களில் முகத்தின் ஒளிப்பக்கம் நிழல்பக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பிரகாசமாக இருக்கும். நுவார் படங்களில் அது எட்டு மடங்கைத் தாண்டும். சில காட்சிகளில் நிரப்பு ஒளியே இருக்காது. அப்போது ஃபிலிமால் பதிவு செய்ய இயலாத அளவுக்கு நிழல்பக்கம் இறங்கி, முகத்தின் பாதி கருமையில் மறைந்துவிடும். 'டபுள் இன்டெம்னிட்டி'யின் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ், அந்த வரவேற்பறைக் காற்றில் நுண்ணிய அலுமினியத் துகள்களைப் பறக்கவிட்டு, ஒளிக்கற்றைகளில் தூசி மிதப்பதைத் தெரியச் செய்தார். கவனிப்பாரற்ற வீடு அது என்பதை அந்தத் தூசியே சொல்லிவிடுகிறது.

கதையும் இந்த ஒளியோடு இசைகிறது. குண்டடிபட்ட நெஃப் தன் குற்றத்தை ஒலிப்பதிவுக் கருவியில் ஒப்புக்கொள்வதிலிருந்தே படம் தொடங்குவதால், அவர் தப்பப்போவதில்லை என்று நமக்கு முன்பே தெரியும். அதனால்தான் அந்த வரிகள் சிறைக்கம்பிகளாகத் தோன்றுகின்றன. தமிழில் எஸ். பாலச்சந்தர் 1954-இல் இயக்கிய 'அந்த நாள்' படமும், பாடல் ஒன்றுகூட இல்லாமல், ஒரு கொலையில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது.

பிற்காலப் படங்கள் இந்தப் பாணியை வெவ்வேறு வழிகளில் எடுத்துக்கொண்டன. 1982-இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்தில் ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனென்வெத், பின்னிருந்து வரும் ஒளியையும் புகையையும் கொண்டு அதை வண்ணத்துக்குக் கொண்டுவந்தார். 1995-இல் வந்த 'செவன்' படத்தின் சில பிரதிகளில், வழக்கமாகக் கழுவி நீக்கப்படும் வெள்ளியின் ஒரு பகுதி ஃபிலிமிலேயே விடப்பட்டது. வண்ணச் சாயத்தின் மேல் வெள்ளியும் சேர்ந்து ஒளியைத் தடுப்பதால் கருமை ஆழமாகிறது, வண்ணங்கள் வெளிறுகின்றன. கோயன் சகோதரர்களின் 2001-ஆம் ஆண்டுப் படமான 'தி மேன் ஹூ வாஸன்ட் தேர்' வண்ண ஃபிலிமில் எடுக்கப்பட்டு, கறுப்பு வெள்ளையில் அச்சிடப்பட்டது.

டிஜிட்டல் கேமராவில் இந்தப் பாணியை முயல்பவர்கள் பலரும் இடறுவது ஓரிடத்தில்தான்: ஒளியமைப்பை மாற்றாமல் காட்சி முழுவதையும் இருட்டாக்கிவிடுகிறார்கள். அதனால் கருமை கிடைப்பதில்லை. இரைச்சல் புள்ளிகள் நெளியும் அழுக்குச் சாம்பலே மிஞ்சுகிறது. நுவார் காட்சி குறைந்த ஒளியில் எடுத்த காட்சி அன்று. ஒளி விழும் இடத்தில் முழுமையாக விழுந்து, மற்ற இடங்களில் விழாமல் தடுக்கப்பட்ட காட்சி. காட்சியின் இருளை இடப்புறமும் வெளிச்சத்தை வலப்புறமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைக் கேமராத் திரையில் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். சரியான காட்சியில் பெருங்குவியல் இடது ஓரத்தில் இருந்தாலும், நெற்றியோ சட்டைக் காலரோ வாங்கிய ஒளி வலப்புறத்தில் சிறு மேடாக எழுந்து நிற்கும். தவறானதில் வலப்பாதி வெறுமையாகவே கிடக்கும்.