தொட்டியின் உயரம் 4 அடி, வழியில் √−1

எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினாலும் மறை எண் வராது. (−3) × (−3) கூட 9 தான். அப்படியிருக்க −1 இன் வர்க்கமூலம் என்று ஒன்றை எதற்காகப் புகுத்தினார்கள் என்று கேட்பவரின் சந்தேகம் நியாயமானது. உயர்தர இணைந்த கணிதத்தில் சிக்கலெண் பாடத்தை x² + 1 = 0 என்ற சமன்பாட்டில் தொடங்கி, “இதற்குத் தீர்வு வேண்டும், ஆகவே i” என்று விளக்குவதுண்டு. அந்த விளக்கம் சந்தேகத்தைத் தீர்ப்பதில்லை. தீர்வு இல்லாத சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாமே? நூற்றாண்டுக் கணக்காகக் கணித அறிஞர்களும் அப்படித்தான் நகர்ந்தார்கள். அவர்களை நிற்க வைத்தது வேறொரு சமன்பாடு. அதற்கு விடை கண்முன்னே இருந்தது. ஆனால் சூத்திரத்தின் வழியே அந்த விடைக்குப் போனால் இடையில் √−1 குறுக்கிட்டது.

அந்தச் சமன்பாட்டை ஒரு தொட்டிக் கணக்காகப் பார்ப்போம். திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு தோட்டக்காரர் ஒரே உயரத்தில் இரண்டு சீமெந்துத் தொட்டிகள் கட்ட நினைக்கிறார். முதல் தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு, x அடி. இரண்டாவது தொட்டியின் அடித்தளம் 3 அடிக்கு 2 அடி, உயரம் அதே x அடி. முதல் தொட்டி இரண்டாவதைவிட 9 கன அடி தண்ணீர் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். உயரம் எவ்வளவு? முதலாவதின் கொள்ளளவு x³, இரண்டாவதின் கொள்ளளவு 6x. ஆகவே

x³ = 6x + 9

இத்தகைய முப்படிச் சமன்பாட்டுக்கு 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது கார்டானோ 1545 இல் வெளியிட்ட நூல். வழி இதுதான்: விடையை u, v என்ற இரண்டு எண்களின் கூட்டலாக எழுதுங்கள், அதாவது x = u + v. இதன் கனத்தை விரித்தால்

x³ = 3uv·x + (u³ + v³)

இதை நம் சமன்பாட்டுடன் ஒப்பிடுங்கள். x இன் முன்னால் 6 இருக்கிறது, ஆகவே 3uv = 6, அதாவது uv = 2. தனியே நிற்பது 9, ஆகவே u³ + v³ = 9. uv = 2 என்றால் u³ × v³ = 8. இனிக் கேள்வி சுருங்கிவிட்டது: கூட்டினால் 9, பெருக்கினால் 8 வரும் இரண்டு எண்கள் எவை? 8, 1. அவற்றின் கனமூலங்கள் 2, 1. ஆகவே x = 2 + 1 = 3. சரி பார்த்தால் 27 = 18 + 9. தொட்டியின் உயரம் 3 அடி.

இப்போது இரண்டாவது தொட்டியின் அடித்தளத்தை 5 அடிக்கு 3 அடியாக மாற்றுங்கள். முதல் தொட்டி 4 கன அடி மட்டும் கூடுதலாகப் பிடித்தால் போதும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

x³ = 15x + 4

விடை 4 அடி. 64 = 60 + 4 என்று எந்த மேசனும் சரி பார்த்துவிடுவார். இதில் கற்பனையான எதுவும் இல்லை, கட்டி முடித்துத் தண்ணீர் நிரப்பக்கூடிய தொட்டி. அதே வழியில் இதைத் தீர்த்துப் பாருங்கள். 3uv = 15, ஆகவே uv = 5, u³ × v³ = 125. மறுபக்கம் u³ + v³ = 4. கூட்டினால் 4, பெருக்கினால் 125 வரும் இரண்டு எண்கள் வேண்டும்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். கூட்டுத்தொகை 4 ஆக உள்ள இரண்டு எண்களை 2 + d, 2 − d என்று எழுதலாம். அவற்றின் பெருக்கம் 4 − d². d எதுவானாலும் இந்தப் பெருக்கம் 4 ஐத் தாண்டாது. நமக்கோ 125 வேண்டும். 4 − d² = 125 என்றால் d² = −121. அப்படி ஒரு மெய்யெண் கிடையாது.

கணக்குப் பிழை என்று நினைக்க இடமில்லை, முந்தைய தொட்டிக்கு இதே படிகள் சரியான விடையைத் தந்தன. தீர்வே இல்லை என்றும் ஒதுக்க முடியாது, 4 அடி கண்முன்னே நிற்கிறது. இந்த முடிச்சைக் கார்டானோவும் சந்தித்தார், ஆனால் அவிழ்க்கவில்லை. 10 ஐ இரு கூறாக்கி அவற்றின் பெருக்கம் 40 ஆக வரச் செய்யும் கணக்கில் 5 + √−15, 5 − √−15 என்று எழுதிப் பெருக்கிக் காட்டிய அவரே, அது நுட்பமானது ஆனால் பயனற்றது என்ற கருத்தோடு நிறுத்திக்கொண்டார்.

முடிச்சை அவிழ்த்தவர் ரஃபேல் பொம்பெல்லி. சதுப்பு நிலங்களை வடிக்கும் வேலையில் ஈடுபட்ட பொறியியலாளர் அவர். 1572 இல் வெளிவந்த தமது இயற்கணித நூலில் அவர் செய்தது ஒரு துணிச்சலான காரியம்: √−1 என்ன என்று விசாரிக்காமல், அதற்கு ஒரே ஒரு விதியை மட்டும் கொடுத்தார். தன்னால் பெருக்கும்போது அது −1 ஆகும். மற்றபடி சாதாரண எண்களைப் போலவே கூட்டலாம், பெருக்கலாம். இன்றைய வழக்கப்படி அதை i என்று எழுதுவோம். d² = −121 என்றால் d = 11i. ஆகவே

u³ = 2 + 11i, v³ = 2 − 11i

இனி இவற்றின் கனமூலம் வேண்டும். 2 + i யை முயன்று பாருங்கள். முதலில் வர்க்கம்: 4 + 4i + i² = 3 + 4i. இதை மறுபடியும் 2 + i ஆல் பெருக்கினால் 6 + 3i + 8i + 4i². கடைசி உறுப்பு −4, ஆக மொத்தம் 2 + 11i. நமக்கு வேண்டியது அதுவே. அதேபோல 2 − i யின் கனம் 2 − 11i. ஆகவே

x = (2 + i) + (2 − i) = 4

i யும் −i யும் ஒன்றையொன்று நீக்கிவிட்டன. கையில் மிஞ்சியது தொட்டியின் உண்மையான உயரம். √−1 எதற்காகப் புகுத்தப்பட்டது என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை இந்தக் கணக்குத்தான். மெய்யான கேள்விக்கும் மெய்யான விடைக்கும் நடுவில் இருந்த வழி அதனூடாகப் போனது.

சந்தேகப்படுபவர் இங்கே ஒரு கூர்மையான எதிர்க்கேள்வி கேட்கலாம்: “4 என்று முன்பே தெரியுமே, சுற்றுவழி எதற்கு?” ஊகிக்க முடியாத சமன்பாடும் உண்டு. x³ = 3x + 1 ஐ எடுங்கள். x = 1.8 என்றால் இடப்பக்கம் 5.832, வலப்பக்கம் 6.4. x = 1.9 என்றால் இடப்பக்கம் 6.859, வலப்பக்கம் 6.7. ஆகவே இடையில் ஒரு தீர்வு நிச்சயம் உண்டு, ஏறத்தாழ 1.879. மறைப் பக்கத்தில் இன்னும் இரண்டு இருக்கின்றன, ஏறத்தாழ −0.347, −1.532. மூன்றும் மெய்யெண்கள், ஒன்றுகூடப் பின்னமாக எழுத முடியாதது. சூத்திரத்தைப் போட்டால் கூட்டினால் 1, பெருக்கினால் 1 வரும் இரண்டு எண்கள் தேவைப்படும், மறுபடியும் மறை எண்ணின் வர்க்கமூலம் வரும். i யைத் தொடாமல் வேறு ஏதாவது மூலக்குறிச் சூத்திரம் கிடைக்குமா என்று நெடுங்காலம் தேடினார்கள். கிடைக்காது என்று 1891 இல் ஓட்டோ ஹோல்டர் நிறுவினார்: முழுவெண் குணகங்கள் கொண்ட முப்படிச் சமன்பாட்டுக்கு மூன்று மெய்த் தீர்வுகள் இருந்து, அவற்றில் ஒன்றுகூடப் பின்னமாக இல்லையென்றால், அந்தத் தீர்வுகளை மெய்யெண்களின் மூலங்களை மட்டும் கொண்டு எழுதவே முடியாது. தசம அண்ணளவாக 1.879 ஐக் கண்டுபிடிக்க i தேவையில்லை. கோசைனைப் பயன்படுத்தி 2 cos 20° என்றும் எழுதலாம். மூலக்குறிகளால் மட்டும் துல்லியமாக எழுத வேண்டுமென்றால்தான் i தவிர்க்க முடியாததாகிறது.

பயன் இருக்கிறது, சரி. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் ஹாமில்டன் 1837 இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. √−1 என்ற குறியீட்டையே அவர் ஒதுக்கிவைத்தார். மெய்யெண்களைச் சோடி சோடியாக எடுத்து, (a, b) × (c, d) = (ac − bd, ad + bc) என்று பெருக்கல் விதி வகுத்தார். கூட்டல் நேரடியானது, முதலோடு முதல், இரண்டாவதோடு இரண்டாவது. இனி 2 + i யின் இடத்தில் (2, 1) ஐ வைத்துக் கணக்கை மறுபடி செய்யுங்கள்:

(2, 1) × (2, 1) = (4 − 1, 2 + 2) = (3, 4)
(3, 4) × (2, 1) = (6 − 4, 3 + 8) = (2, 11)

எங்கும் மறை எண்ணின் வர்க்கமூலம் எடுக்கவில்லை. எல்லாம் நீங்கள் ஏற்கனவே நம்பும் மெய்யெண்கள். (0, 1) × (0, 1) ஐக் கணித்தால் (−1, 0) வரும். i என்பது (0, 1) என்ற அந்தச் சோடி, அவ்வளவே. மெய்யெண்களில் முரண்பாடு இல்லையென்றால், அவற்றின் சோடிகளைக் கொண்டு செய்யும் இந்தக் கணக்கிலும் முரண்பாடு வராது.

சந்தேகத்தில் சரியான பகுதியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. i என்பது ஒரு நீளமாக முடியாது. i பூச்சியத்தைவிடப் பெரிது என்று வைத்தால், நேரெண்ணை நேரெண்ணால் பெருக்கினால் நேரெண் வர வேண்டும், ஆனால் வருவது −1. சிறிது என்று வைத்தாலும் அதே சிக்கல். ஆகவே பெரிது, சிறிது என்ற ஒப்பீட்டைச் சிக்கலெண்களுக்குக் கொண்டுபோக முடியாது. “i அடி உயரத் தொட்டி” என்பது பொருளற்ற பேச்சு. எண்கோட்டில் i யைத் தேடினால் கிடைக்காது என்பதும் உண்மை, அது எண்கோட்டில் இருப்பதாக யாரும் சொல்லவும் கூடாது.

மெய்யெண்களில் நம்பியிருந்த இன்னொரு விதியும் இங்கே உடைகிறது. √a × √b = √(ab) என்பதை மறை எண்களுக்குப் போட்டால் √−4 × √−9 = √36 = 6 என்று வரும். சரியான விடை 2i × 3i = −6. தப்புவதற்கு எளிய வழி, மறை எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டதும் முதலில் i யை வெளியே எடுத்துவிட்டுப் பிறகு பெருக்குவது.

சூத்திரத்திலும் ஓர் இடத்தில் கவனம் தேவை. சிக்கலெண்களில் எந்த எண்ணுக்கும், பூச்சியத்தைத் தவிர, மூன்று கனமூலங்கள் உண்டு. ஆகவே u வுக்கு மூன்று தெரிவுகள், v க்கு மூன்று தெரிவுகள், சேர்த்தால் 9 கூட்டல்கள். அவற்றில் 3 மட்டுமே சமன்பாட்டைத் தீர்க்கும். அவற்றை இனங்காண uv ஐப் பெருக்கிப் பாருங்கள்: தொட்டிக் கணக்கில் அது 5 ஆக வர வேண்டும். (2 + i)(2 − i) = 4 + 1 = 5, ஆகவே அந்தச் சோடி சரி. விதியை நிறைவு செய்யும் மற்ற இரு சோடிகள் −2 + √3, −2 − √3 என்ற தீர்வுகளைத் தரும். இரண்டும் x³ = 15x + 4 ஐத் தீர்க்கும் மெய்யெண்கள்தான், ஆனால் ஏறத்தாழ −0.268, −3.732 என்று மறையாக இருப்பதால் தொட்டிக்கு உதவாது.